தாண்டக்கூடிய பள்ளம்

ஒரு வீடியோ கேமில் உடைந்த பாலம் ஒன்று வருகிறது. நடுவில் நாலரை மீட்டர் நீளத்துக்குப் பலகைகள் இல்லை, கீழே பள்ளத்தாக்கு. ஓடிவந்து தாண்ட வேண்டும். அந்த கேமின் நாயகனால் 4.59 மீட்டர் தாண்ட முடியும் என்கிறது கணக்கு. அப்படியென்றால் இந்த இடைவெளி சரியானதுதானே? விளையாடக் கொடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாரும் விழுகிறார்கள். இரண்டு முறை விழுந்தவர்கள் ‘இது தாண்டுவதற்கான இடம் இல்லை போலிருக்கிறது’ என்று முடிவுகட்டி, வேறு வழி தேடிச் சுவர் சுவராக அலைகிறார்கள்.

பாலத்துக்கு மரப்பலகை, பாசி, தொங்கும் கயிறு, மூடுபனி எல்லாம் செய்து முடித்தபிறகு இது தெரியவந்தால், சில வாரங்களின் உழைப்பைக் கலைத்துப்போட வேண்டியிருக்கும். அதனால்தான் முப்பரிமாண விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் ஒரு லெவலை, அதாவது விளையாட்டின் ஒரு களத்தை, முதலில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளால் அடுக்கிப் பார்க்கிறார்கள். பாலம் ஒரு நீளப் பெட்டி, கோபுரம் ஒரு உயரப் பெட்டி, பாறையும் ஒரு பெட்டிதான். இதை கிரேபாக்ஸ் என்பார்கள். ப்ளாக்அவுட் என்றும் சொல்வதுண்டு. அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனத்தில் வழங்கும் பெயர் ப்ளாக்மெஷ். அங்கே பணியாற்றிய மைக்கேல் பார்க்ளே 2017இல் ‘ப்ளாக்டோபர்’ என்ற வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதிலிருந்து அக்டோபர் மாதங்களில் உலகெங்குமுள்ள லெவல் வடிவமைப்பாளர்கள் தங்கள் பெட்டிக் களங்களின் படங்களை இணையத்தில் வெளியிட்டு வருகிறார்கள். நாம் விளையாடி வியந்த இடங்கள் தொடக்கத்தில் எவ்வளவு மொட்டையாக இருந்தன என்று அவற்றில் பார்க்கலாம்.

மொட்டையாக இருப்பதுதான் அதன் பலம். அழகான படத்தை அழிக்க யாருக்கும் மனம் வராது. சாம்பல் பெட்டியை அரை மீட்டர் நகர்த்த ஒரு நொடி போதும்.

அந்த உடைந்த பாலத்தையே ஒரு சிறு களமாக வைத்துக்கொண்டு, இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நாயகன் ஒரு சுரங்கப்பாதையிலிருந்து முற்றத்துக்கு வருகிறான். முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில் குறுக்கே ஒரு சுவர் ஓடுகிறது, அதன் வலது ஓரத்தில் வாசல். வாசலைத் தாண்டினால் பாலம், பாலத்தின் முடிவில் போய்ச்சேர வேண்டிய கோபுரம். இதைக் கட்ட கோடோ என்ற இலவச கேம் என்ஜினை எடுத்துக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் தரவிறக்கிச் செய்து பார்க்கலாம், அதில் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர் என்பதால் கணக்கும் எளிது. அன்ரியலில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர். யூனிட்டியில் மீட்டர்தான், அங்கே இந்த வேலைக்கு புரோபில்டர் என்ற கருவி இருக்கிறது.

முதல் பெட்டியை வைப்பதற்கு முன்பே முடிவாக வேண்டியது நாயகனின் உடல். அவன் உயரம் என்ன, என்ன வேகத்தில் ஓடுவான், எவ்வளவு எம்புவான்? கோடோவில் நாயகனுக்கான நிரலைப் புதிதாகத் தொடங்கும்போது அதன் வார்ப்புருவிலேயே இந்த இரண்டு எண்கள் இருக்கும்:

```gdscript
const SPEED = 5.0
const JUMP_VELOCITY = 4.5
```

ஓட்டம் நொடிக்கு 5 மீட்டர். தரையை விட்டு மேலெழும் வேகம் நொடிக்கு 4.5 மீட்டர். புவியீர்ப்பு வழக்கமான 9.8. பள்ளி இயற்பியலே மிச்சத்தைச் சொல்லிவிடும். எழும் வேகத்தை இரண்டால் பெருக்கி 9.8ஆல் வகுத்தால் காற்றில் இருக்கும் நேரம் 0.918 நொடி. அதை 5ஆல் பெருக்கினால் 4.59 மீட்டர், இதுதான் சமதளத்தில் அவன் தாண்டும் அதிகபட்ச நீளம். எம்பும் உயரம் 1.03 மீட்டர். இந்த எண்களைத் தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. இனி வரும் ஒவ்வொரு பெட்டியின் அளவும் இவற்றிலிருந்துதான் பிறக்கப்போகிறது. நிஜ உலகின் பாலம் எத்தனை அடி அகலம் என்பது இரண்டாம்பட்சம்.

இப்போது அந்த நாலரை மீட்டர் இடைவெளிக்கு வருவோம். 4.59இலிருந்து 4.5 போனால் மிச்சம் 9 சென்டிமீட்டர். நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவன் அந்த 9 சென்டிமீட்டரை 0.018 நொடியில் கடந்துவிடுவான். அதாவது விளிம்புக்கு முந்தைய அந்த 0.018 நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் தாண்ட முடியும். இயற்பியல் கணக்கை என்ஜின் நொடிக்கு 60 முறை போடுகிறது, ஆகவே வாய்ப்பு என்பது ஏறக்குறைய ஒரே ஒரு துடிப்பு. நாயகனின் மோதல் வடிவம் மாத்திரைக் குப்பி போல அடியில் உருண்டையாக இருப்பதால் விளிம்பில் அவன் சற்றுத் தொங்கி நிற்க முடியும். அதனால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். என்றாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. மனிதர்கள் விளிம்பில் அழுத்துவதில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முன்னதாகவே அழுத்துகிறார்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு முந்தினாலே அரை மீட்டர் போய்விடுகிறது.

இடைவெளியை 3 மீட்டராக்கினால் மிச்சம் 1.59 மீட்டர், அதாவது 0.3 நொடிக்கும் சற்று மேல். பழகாத கைக்கும் இது போதும். நாலு மீட்டர் என்றால் 0.12 நொடி. அது கவனமாக முயன்று தாண்டும் இடம், கோபுரத்துக்கு முந்தைய கடைசி உடைப்பில் வைக்கலாம். தாண்டவே கூடாத பள்ளத்தை நான் 7 மீட்டராக வைப்பேன். 4.59க்கு மேல் எதுவும் முடியாது என்று தெரிந்திருந்தும் ஏன் 5 போதாது? காரணம் இரண்டு.

ஒன்று, இந்த எண்கள் பின்னால் மாறும். விளையாட்டு கடினமாக இருக்கிறது என்று யாராவது சொன்னதும், விளிம்பைத் தாண்டிப் பத்தில் ஒரு பங்கு நொடி வரை குதிக்க அனுமதிக்கும் சலுகையை நிரலாளர் சேர்ப்பார். இதை ‘கொயோட்டி டைம்’ என்பார்கள். மலைமுகட்டைத் தாண்டியும் சிறிது நேரம் வெறுங்காற்றில் ஓடும் கார்ட்டூன் ஓநாயிடமிருந்து வந்த பெயர். அது சேர்ந்த நாளிலிருந்து தாண்டும் நீளம் ஐந்து மீட்டரைத் தொட்டுவிடும். தாண்ட முடியாது என்று நம்பி வைத்த பள்ளம் திறந்துகொள்ளும். இரண்டாவது காரணம் விளையாடுகிறவரின் கண். ஐந்து மீட்டர்ப் பள்ளம் பார்வைக்கு நாலு மீட்டர்ப் பள்ளம் போலவே இருக்கிறது. முடியுமா முடியாதா என்று விழுந்து விழுந்து கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் ஆட்களை வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். நாலுக்கும் ஏழுக்கும் இடையில் ஒரு பள்ளமும் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டால், ஒரே பார்வையில் அவர்கள் முடிவெடுப்பார்கள்.

உயரத்துக்கும் இதே சட்டம். 1.03 மீட்டர் எம்புகிறவனுக்கு ஏறக்கூடிய மேடையை 0.8க்குள் வைக்கலாம். ஏற முடியாத சுவர் அவன் தலைக்கு மேலே, 2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 1.2 மீட்டர் மேடைதான் மோசமான மேடை: ஏறலாம் என்று கண் சொல்லும், கால் எட்டாது.

உயரமும் நீளமும் சேரும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். இறங்கும் இடம் 0.8 மீட்டர் மேலே இருந்தால், அந்த உயரத்தைக் கீழிறங்கும்போது தொடுவதற்குள் ஆகும் நேரம் 0.68 நொடிதான். தாண்டும் நீளம் 3.4 மீட்டராகக் குறைகிறது. இறங்கும் இடம் 2 மீட்டர் கீழே இருந்தாலோ காற்றில் இருக்கும் நேரம் 1.25 நொடிக்கு நீளும், தாண்டும் நீளமும் 6.2 மீட்டராகிறது. நம் களத்தில் இதனால் ஓர் ஓட்டை விழுகிறது. சுவரின் மேல் ஏறிப்போக எங்கேயாவது ஒரு படி கிடைத்துவிட்டால், அங்கிருந்து குதித்து முதல் உடைப்பையும் அதற்கான பயிற்சியையும் தவிர்த்துவிடலாம். இதைத் தாளில் கண்டுபிடிப்பது கடினம். பெட்டிக் களத்தில் ஒரு குறும்புக்காரப் பையனை அரை மணி நேரம் விட்டால் அவனே கண்டுபிடித்துக் காட்டிவிடுவான்.

பெட்டிகளை வைக்கும் முறையில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கோடோவில் `CSGBox3D` என்ற பெட்டியைச் சேர்த்து, `use_collision` என்பதை இயக்கினால் அதன்மேல் நடக்கலாம். நீள அகலத்தை `size` பகுதியில் எண்ணாகவே தட்டச்சு செய்யுங்கள். `scale` கொண்டு இழுத்துப் பெரிதாக்கினால் பெட்டி எத்தனை மீட்டர் என்பது பார்த்தவுடன் தெரியாமல் போகும். பெட்டியின் மேல் ஒரு மீட்டருக்கு ஒரு கட்டம் கொண்ட பூச்சைப் போட்டு, அந்தப் பூச்சின் அமைப்பில் Triplanar, World Triplanar இரண்டையும் தேர்ந்தெடுத்தால், பெட்டியை எப்படி நீட்டினாலும் கட்டம் ஒரு மீட்டராகவே நிற்கும். அதன்பின் எந்தப் பள்ளத்தின் அகலத்தையும் ஓரத்துக் கட்டங்களை எண்ணியே சொல்லிவிடலாம். ஹாஃப்-லைஃப் 2 செய்த வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் என்ஜினோடு வரும் ஆரஞ்சு, சாம்பல் நிற அளவுக்கட்டப் பூச்சுகளும் இதற்காகச் செய்யப்பட்டவையே. தரை சாம்பல், ஏறக்கூடியது ஆரஞ்சு என்று இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மூன்றாவது நிறம் வந்ததும் மனம் அலங்காரத்தின் பக்கம் போய்விடுகிறது.

அடுத்தது அளவு, அதாவது இடம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பது. வீட்டு அளவுகளை அப்படியே கொண்டுவந்தால் விளையாட்டில் எல்லாம் நெருக்கமாகத் தெரியும். நம் நாயகனுக்கு 1.8 மீட்டர் உயரம். மூன்று மீட்டர் கூரையுள்ள சுரங்கத்தில் அவன் எம்பினால் தலை 2.83 மீட்டருக்குப் போகும், கூரைக்கும் தலைக்கும் ஒரு சாண்கூட இருக்காது. அதோடு அவனுக்கு மூன்றரை மீட்டர் பின்னால், தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் கேமரா வருகிறது. இரண்டு மீட்டர் அகலப் பாதையில் அவன் திரும்பினால் கேமரா சுவரில் இடித்து அவன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், திரை முழுக்கத் தலைமுடியாக இருக்கும். சுரங்கத்தை 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் என்று ஆக்கினால்தான் அது ‘சாதாரணச் சுரங்கம்’ போலத் தோன்றும்.

தூரத்தை மீட்டரில் நினைப்பதைவிட நொடியில் நினைப்பது பயன் தரும். மனிதர் நடப்பது நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் நாயகன் எப்போதும் 5 மீட்டரில் ஓடுகிறான். நிஜத்தில் பிரம்மாண்டமாகத் தோன்றும் 50 மீட்டர் முற்றம் அவனுக்குப் பத்து நொடி. அந்தப் பத்து நொடியில் பார்க்கவோ செய்யவோ ஒன்றும் இல்லையென்றால் முற்றம் பெரிது. இதையும் வெறும் பெட்டிகளில் ஓடிப்பார்த்தே உணர முடியும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. காலியான அறை எப்போதும் பெரிதாகத் தெரியும். பின்னால் அங்கே வண்டியும் மூட்டைகளும் வரப்போகின்றன என்றால், அவற்றுக்கும் இப்போதே ஒரு பெட்டி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலி இடத்தைப் பார்த்து முற்றத்தைச் சுருக்கிவிட்டு, பொருள்கள் வந்தபின் நடக்க வழியில்லாமல் நிற்போம்.

பார்வைக்கோடு என்பது இதில் நுட்பமான பகுதி. சுரங்கத்தின் வாயில் வந்து நிற்கிறவருக்கு ‘அதோ, அங்கே போக வேண்டும்’ என்று கோபுரம் சொல்ல வேண்டும். கோபுரத்தின் உயரம் 12 மீட்டர், சுரங்க வாயில் கேமராவிலிருந்து அது 60 மீட்டர் தள்ளி நிற்கிறது. இடையில், 10 மீட்டரில், அந்தக் குறுக்குச் சுவர், அதன் உயரம் 3 மீட்டர். கேமரா 2.2 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சுவரின் தலையைத் தொட்டுச் செல்லும் பார்வை பத்து மீட்டரில் 0.8 மீட்டர் ஏறுகிறது. அறுபது மீட்டரில் 4.8 ஏறி, 7 மீட்டர் உயரத்தில் கோபுரத்தைத் தொடுகிறது. மேலே உள்ள 5 மீட்டர் தெரியும். அருமை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. அவர் நடந்து சுவரை ஒட்டி வரும்போது கேமரா சுவரிலிருந்து 4 மீட்டரில் இருக்கும். இப்போது அதே கோடு 54 மீட்டர் தொலைவில் 13 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. பன்னிரண்டு மீட்டர்க் கோபுரம் முழுசாக மறைகிறது. இடமா வலமா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் வழிகாட்டி காணாமல் போகிறது.

கோபுரத்தை உயர்த்துவது ஒரு வழி, ஆனால் அது எல்லா இடத்திலிருந்தும் தெரியத் தொடங்கி வியப்பைக் குறைத்துவிடும். வாசலுக்கு அருகே 3 மீட்டர் நீளத்துக்குச் சுவரை மட்டும் 2 மீட்டராக இடித்துவிடலாம். கேமராவின் உயரத்துக்குக் கீழே வந்துவிட்டதால் அந்த இடிபாட்டின் வழியாகக் கோபுரம் எப்போதும் தெரியும். நாயகனின் தலைக்கு மேலே இருப்பதால் யாரும் ஏற முயல மாட்டார்கள். ஒரே மாற்றத்தில் இரண்டு சட்டமும் காப்பாற்றப்படுகின்றன. இப்படியொரு தீர்வு கிடைப்பது இந்த வேலையின் பெரிய மகிழ்ச்சி.

பாலத்தில் பார்வைக்கோடு வேறு விதமாகச் சோதிக்கும். ஓர் உடைப்புக்குப் பின் பாலம் 2 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது என்று வையுங்கள். விளிம்பில் நிற்கிறவரின் கேமரா மூன்றரை மீட்டர் பின்னால் இருப்பதால், விளிம்பே கீழ்ப்பகுதியை மறைக்கிறது. விளிம்பிலிருந்து 3.2 மீட்டர் வரை கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மூன்று மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் நீளப் பலகை மட்டும் வைத்தால் அது ஒரு மெல்லிய கீற்றாகத்தான் தெரியும், அதை நம்பி யாரும் குதிக்க மாட்டார்கள். பலகையை 4 மீட்டர் நீளமாக்கினால் பெரும்பகுதி கண்ணில் படும்.

பலர் சேர்ந்து விளையாடும் களங்களில் பார்வைக்கோட்டின் விலை இன்னும் அதிகம், ஏனென்றால் பார்வை போகிற இடத்துக்கெல்லாம் தோட்டாவும் போகும். டேவிட் ஜான்ஸ்டன் வடிவமைத்து 2001இல் வெளிவந்த கவுண்ட்டர்-ஸ்டிரைக்கின் ‘டஸ்ட் 2’ உலகில் மிக அதிகம் விளையாடப்பட்ட களங்களில் ஒன்று. தாக்கும் அணி தொடங்கும் இடத்திலிருந்து நடுப்பாதையின் கதவிடுக்கு வழியே எதிரணியின் பக்கம் வரை ஒரு நீண்ட கோடு அதில் இருந்தது. ஆட்டம் தொடங்கிய கணத்திலேயே அந்த இடுக்கைக் கடக்கிறவரைச் சுட்டுவிட முடிந்தது. 2022இல்தான் வால்வ் அந்தப் பார்வையை மறைத்தது. நீளமான கோடுகளைப் பெட்டிக் காலத்திலேயே மேலிருந்து ஒரு வரைபடமாக எடுத்து, கோல் வைத்து இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எண்களெல்லாம் சரியாக வந்துவிட்டாலும், அடுத்தவர் கையில் கொடுக்காமல் எதையும் நம்பக் கூடாது. வடிவமைத்தவருக்கு எல்லா இடமும் மனப்பாடம், அவர் விழவே மாட்டார். விளையாடுகிறவருக்குப் பக்கத்தில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அதோடு விழுந்த இடங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாயகன் கடைசியாகத் தரையில் இருந்த புள்ளியை எழுதிக்கொடுக்க இவ்வளவே போதும்:

```gdscript
if is_on_floor():
    last_floor = global_position
elif global_position.y < -10.0:
    print(last_floor)
    velocity = Vector3.ZERO
    global_position = start_point
```

`last_floor`, `start_point` இரண்டையும் மேலே மாறிகளாக அறிவித்துவிட்டு, இதை நகர்வுக்கான பகுதியில் சேர்த்தால், ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு வரி வரும். அந்த வரிகளை விளிம்போடு ஒப்பிட்டால் காரணம் தனித்தனியாகப் பிரியும். புள்ளிகள் விளிம்புக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே கூடினால், ஆட்கள் பயந்து முந்துகிறார்கள்: இடைவெளியைக் குறைக்க வேண்டும். விளிம்பிலேயே கூடினால், குதிக்க நினைத்துப் பிந்திவிட்டார்கள், அல்லது குதிக்க வேண்டும் என்றே தெரியாமல் நடந்து விழுந்திருக்கிறார்கள். இவற்றில் எது என்று அவர்கள் முகத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். விளிம்புக்கு வரவே இல்லையென்றால் பிழை தாண்டுதலில் இல்லை, பார்வைக்கோட்டில் இருக்கிறது.

நாயகனின் எண்களைத் தொட்டால் இந்த அளவுகள் எல்லாம் ஆட்டம் காணும். ஓட்டத்தை 5இலிருந்து 6 ஆக்கினால் தாண்டும் நீளம் ஐந்தரை மீட்டராகும், கவனமாகத் தாண்ட வேண்டிய கடைசி உடைப்பு சும்மா தாண்டும் இடமாகிவிடும். மெதுவாக வேகமெடுக்கும் ஓட்டத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு விளிம்புக்கும் முன்னால் ஓடிவர இடம் வேண்டும். இப்போது அது தேவைப்படாததற்குக் காரணம், வார்ப்புருவில் நாயகன் பொத்தானை அழுத்தியதும் முழு வேகத்தில் ஓடுவதுதான். ஆகவே உடலை முடிவுசெய்து பூட்டிய பிறகே களத்தை விரிக்க வேண்டும்.

சாம்பல் பெட்டி சொல்லாத விஷயங்களும் உண்டு. அதில் எல்லா விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாகத் தெரியும். மூடுபனியும் கொடிகளும் இருட்டும் வந்தபின் அதே விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாமல் போகலாம். அதை ஓவியர்கள் வந்தபிறகு மறுபடி சோதித்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஓவியர் செய்யும் பாறை பெட்டியைப் போல நேராக இருக்காது. இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர் புடைத்தால் நாலு மீட்டர்ப் பள்ளம் 3.4 ஆகிவிடும், உடைந்து உள்வாங்கினால் 4.6 ஆகி யாராலும் தாண்ட முடியாததாகிவிடும். அதனால் பெட்டிகளை ஓவியரிடம் கொடுத்ததும் அழித்துவிடாமல், கண்ணுக்குத் தெரியாத மோதல் வடிவமாகப் பாறைக்குள்ளேயே விட்டுவைக்கிறவர்கள் உண்டு. பார்க்கிறவர் பாறையைப் பார்ப்பார், நாயகனின் கால் படுவது சோதித்து வைத்த அதே பெட்டியின் மேல். அப்போதும் பாறையின் விளிம்பும் பெட்டியின் விளிம்பும் ஒன்றையொன்று ஒரு கையகலத்துக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாயகன் காற்றில் நிற்பதுபோலத் தெரியும்.